மேடைக்கும் வண்டிக்கும் இடையே



கல்முனைக்குப் புகையிரதப் பாதை இல்லை. மட்டக்களப்போடு பாதை முடிந்துவிடுகின்றது. ஆகையால் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களிலிருந்து புகையிரதத்திற் கொழும்புக்குச் செல்வோர், ஏறக்குறைய 40 கிலோமீற்றர் பஸ்ஸில் வந்தே வண்டி ஏறுகின்றனர். அன்றாடம் புகையிரதத்தோடு பழகாத அவர்களுக்கு மேடையோரத்து ஆபத்து எளிதிற் புலப்படுவதில்லை. நான் நிலைய அதிபராகக் கடமையாற்றிய காலத்தில் என் கண்முன் நிகழ்ந்த ஒன்றை இன்று கூறுகின்றேன்.

வழியிலுள்ள ஒரு சிறிய நிலையம், நள்ளிரவு வேளை. கல்முனைப் பக்கத்துப் புடைவை வியாபாரி ஒருவர் தேநீர் வாங்க இறங்கியிருந்தார். கார்ட் பச்சை விளக்கைக் காட்டினார், வண்டி அசைந்தது. ஒரு கையில் தேநீர்ப் போத்தலோடு ஓடிவந்த வியாபாரி, மறு கையாற் கைபிடிக் கம்பியைப் பற்றினார். கம்பி முன்னே சென்றது, கால்கள் பின்தங்கின. மிதிபலகையில் வைத்த கால் வழுக்கிற்று. கம்பியிலே தொங்கிய உடல் பெட்டியின் பக்கமாகச் சுழன்று, இடுப்பளவுக்கு இடைவெளியில் இறங்கிவிட்டது.

நான் செவ்விளக்கை வீசினேன். கார்ட் பிரேக்கைப் போட்டார். வண்டி நடைவேகத்திலேயே சென்றமையால் சில அடிகளுள் நின்றது. நேயர்களே, உண்மையான சோதனை அதன் பின்னரே தொடங்கிற்று. இருவர் அவர் கைகளைப் பிடித்து மேலே இழுத்தனர். வேறு சிலர், “வண்டியைப் பின்னுக்கு எடுங்க!” என்று கூச்சலிட்டனர். நான் இரண்டையும் தடுத்தேன். நானே நேரில் வந்து சொல்லும்வரை வண்டியை அசைக்கலாகாது என்று சாரதிக்கு ஆளனுப்பினேன். சக்கரங்களுக்குக் கட்டை வைக்கச் செய்து, மறுபுறத்தால் இறங்கி, விளக்கைப் பிடித்து அடியிற் பார்த்தேன்.

அவருடைய வலது கால் தண்டவாளத்தின்மேற் கிடந்தது. அதற்கு முன்னால், ஒரு சாண் தொலைவில் சக்கரம் நின்றது. வண்டி சற்றே பின்வாங்கியிருப்பின் அந்தக் கால் போயிருக்கும்.

“தம்பி, என்ட காலு ரெண்டும் இருக்கா?” என்று மேலிருந்து கேட்டார்.

“இருக்கு காக்கா. அசையாம இருங்க” என்றேன்.

இடுப்பிலே கட்டியிருந்த அகன்ற வார் மிதிபலகையின் விளிம்பிற் சிக்கியிருந்தது. மேலே இழுக்க இழுக்க அது இறுகியதேயன்றித் தளரவில்லை. வாரை அறுத்தோம். மேடையை நோக்கியிருந்த உடலைப் பக்கவாட்டாகத் திருப்பியதும் இடுப்பு விடுபட்டது. கீழே ஒருவர் கால்களைத் தாங்க, மேலே இருவர் அக்குளிற் கைகொடுத்துத் தூக்கினர். வெளியே வந்ததும் அவர் எழுந்து நிற்க முயன்றார். நான் இடங்கொடுக்கவில்லை, பலகையிற் கிடத்தியே வைத்தியசாலைக்கு அனுப்பினேன். இடுப்பெலும்பிலே வெடிப்பு இருந்ததாகப் பின்னர் அறிந்தோம். இரத்தம் தெரியாவிடினும், நசுங்கிய உடலின் உள்ளே காயம் இருக்கலாம்.

இது எத்துணை உண்மை என்பதை 2022 டிசம்பரில் இந்தியாவிலே, விசாகப்பட்டினத்தை அடுத்த துவ்வாடா நிலையத்தில் நிகழ்ந்தது காட்டிற்று. வண்டியிலிருந்து இறங்கும்போது இடையே சிக்கிய மாணவி ஒருவரை, மேடையின் விளிம்பை உடைத்து உயிரோடு மீட்டனர். ஆயினும் உள்காயங்களால் மறுநாள் வைத்தியசாலையில் அவர் உயிர் நீத்தார்.

நின்ற வண்டியில் விழுந்தால் நிலைமை வேறு. 2013 ஜூலையில் ஜப்பானின் மினாமி உராவா நிலையத்தில் ஒரு பெண் இடுப்புவரை இடைவெளியில் விழுந்தார். நிலைய ஊழியரோடு பயணிகளும் சேர்ந்து ஏறக்குறைய 40 பேர், 32 தொன் எடையுள்ள பெட்டியைப் பக்கவாட்டிலே தள்ளினர். பெட்டி வில்களின்மேல் அமர்ந்திருப்பதால் மேற்புறம் சற்றே சாய்ந்தது. அவ்வளவில் அவரைத் தூக்கிவிட்டனர். பெருங்காயம் ஏதுமில்லை. வண்டி அங்கே அசையாது நின்றதே அவரைக் காத்தது.

இந்த இடைவெளியை அடைத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஓடும் பெட்டி இருபுறமும் ஆடும். மேடையை நெருக்கிக் கட்டினால் உரசும். வளைவான மேடையிலோ, பெட்டி நேராகவும் மேடை வளைந்தும் இருப்பதால், வளைவின் பக்கத்தைப் பொறுத்துப் பெட்டியின் நடுவிலோ முனைகளிலோ இடைவெளி இன்னும் அகலும். ஆகவே இடைவெளி இருந்தே தீரும்.

எனவே, வண்டி அசைந்துவிட்டால் கம்பியைத் தொடாதீர்கள். எவரேனும் விழக் கண்டால், முதலில் வண்டியை நிறுத்தச் செய்யுங்கள். நின்றபின் எப்பக்கமும் அசையவிடாதீர்கள். அடியிற் பாராமல் அவரை இழுக்காதீர்கள்.

அந்த வியாபாரி சில மாதங்களின் பின் அதே வண்டியில் வந்தார். தேநீர்க் கடைப் பையன் யன்னலருகே சென்று போத்தலை நிரப்பிக் கொடுத்தான். அவர் இருக்கையை விட்டு எழவேயில்லை.