வயலினை ஏன் காலில் தாங்குகிறார்கள்?

காலேஜ்ல நான் கத்துக்கிட்டது வெஸ்டர்ன் வயலின். அப்புறம் கர்நாடக சங்கீத வகுப்புக்குப் போனப்ப, டீச்சர் முதல்ல என் வயலினோட பிருடையைத்தான் திருப்பினாங்க.

வெஸ்டர்ன்ல நாலு தந்தியும் கீழிருந்து மேலா ஜி, டி, ஏ, இ. பாடுறவர் மாறினாலும் அது மாறாது. இங்க பாடுறவங்க சுருதிக்கு ஏத்தபடி ச, ப, ச, ப. டீச்சர் பாடுறது 5 கட்டை, அதாவது ஜி. அதனால தடிமனான ரெண்டு தந்தியும் அப்படியே இருந்துச்சு. ஏ-யை ஜி-க்கும், இ-யை டி-க்கும் இறக்கினாங்க. இப்ப கீழ் ஜோடியில பழகின விரல் வரிசை, ஒரு ஸ்தாயி மேல, அடுத்த ஜோடிக்கும் அப்படியே பொருந்தும். என் பழைய விரல் பழக்கம்தான் ரெண்டு மாசம் படுத்துச்சு.

பிடிக்கிறது அதைவிடக் கஷ்டம். சம்மணம் போட்டு, வலது காலைக் கொஞ்சம் முன்னால நகர்த்தி, வயலினோட சுருள் தலையைக் கணுக்கால் மேல வைக்கணும். மறுமுனை இடது பக்க நெஞ்சுல சாயும். தோடி காந்தாரத்துக்கு விரல் தந்தி மேலயே வழுக்கி ஆடணும். எனக்குச் சிக்கிச் சிக்கித்தான் வந்துச்சு.

"இடது கையை எடுப்பா"ன்னாங்க டீச்சர். எடுத்தேன், வயலின் சரிஞ்சிடுச்சு. அதுவரைக்கும் கைதான் வயலினைத் தாங்கிட்டு இருந்திருக்கு! கால்ல சரியா உட்கார்ந்தா, கையை எடுத்தாலும் அசையாது. இப்பவும் வாசிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை கையை எடுத்துப் பாத்துடுவேன்.