குறிப்பு கடிதமாகும்போது

தம்மம்பட்டியில் மரச்சிற்பம் செதுக்கும் ஒருவரின் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பருவ முடிவில் டீச்சரின் நோட்டில் அவளைப் பற்றி மூன்று வரி: “தமிழ்: அரும்பிலிருந்து மொட்டு. கழித்தல்: தடுமாற்றம். விடுப்பு: 11 நாள்.”

இதை அப்படியே அனுப்பினால் அப்பாவுக்கு என்ன புரியும்? அரும்பு, மொட்டு, மலர் என்பவை ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் கற்றல் நிலைகளின் பெயர்கள்.

அந்தப் பெயர்களை விட்டுவிட்டு டீச்சர் கடிதமாக எழுதினார்: “போன பருவம் எழுத்துக்கூட்டிய பிள்ளை, இப்போது சொற்களைச் சேர்த்துப் படிக்கிறாள்.”

‘தடுமாற்றம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, நடந்ததை எழுதினார்: “52-இல் 27 போனால் 35 என்கிறாள். 2-இல் 7 போகாது என்பதால், 7-இல் 2-ஐக் கழித்துவிடுகிறாள். பத்துப் பத்துக் குச்சியாக ஐந்து கட்டும், உதிரியாக இரண்டும் கொடுங்கள். ஒரு கட்டை அவளே பிரித்து 27 குச்சி எடுக்கட்டும். மிச்சம் 25 என்று கண்ணால் பார்ப்பாள்.”

விடுப்பை மறைக்கவில்லை. “11 நாள் வரவில்லை. கழித்தல் நடத்தியது அந்த நாட்களில்தான்” என்றார். குற்றச்சாட்டாகத் தெரிந்திருக்கக்கூடியது, தடுமாற்றத்துக்கான காரணமாக மாறிவிட்டது. வேலையும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். நான்கு சொன்னால் ஒன்றும் நடக்காது.

கடிதம் வந்ததும் பட்டறையில் உளியைக் கீழே வைத்துவிட்டு, “படி கண்ணு” என்றார் அப்பா. சத்தம் போட்டுப் படித்தது அந்தப் பிள்ளைதான்!

பெற்றோருக்கு எழுதும் கடிதத்தை முதலில் படிப்பது பெரும்பாலும் பிள்ளைதானே?