உங்க கூலியையும் கணக்கில் எழுதுங்க

(வீட்டிலிருந்து உணவுப் பொருள் தயாரித்து விற்கும் மகளிருக்கான கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

இங்க வந்திருக்கிற அக்கா தங்கச்சிகள்ல முறுக்கு போடுறவங்க, பொடி அரைக்கிறவங்க, ஊறுகாய் போடுறவங்க எல்லாரும் இருக்கீங்க. உங்க எல்லார்கிட்டயும் ஒரே கேள்விதான். உங்க பாக்கெட்டுக்கு இந்த விலைன்னு எப்படி முடிவு பண்ணீங்க? பாதிப் பேர் சொல்ற பதில், "பக்கத்துக் கடையில 75 ரூபாய், நான் 5 ரூபாய் குறைச்சு வெச்சேன்." இதுல என்ன நடக்குதுன்னு ஒரு முறுக்குக் கணக்கை வெச்சே பார்த்துடலாம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா மாசத்துக்கு பத்து முறை முறுக்கு போடுவாங்க. ஒரு முறைக்கு 4 கிலோ பச்சரிசி, 1 கிலோ உளுந்து. உடைஞ்சது, கருகினது போக 6 கிலோ முறுக்கு விக்கிற மாதிரி தேறும். கால் கிலோ பாக்கெட்டா போட்டா 24 பாக்கெட். ஒண்ணு 70 ரூபாய்க்கு வித்தாங்க. மொத்தம் 1,680 ரூபாய் வரும்.

அவங்க கணக்கு இப்படி இருந்துச்சு. அரிசி 240, உளுந்து 140, மாவு அரைக்க 40, வெண்ணெய் 240, எண்ணெய் 2 லிட்டர் 300, எள்ளு சீரகம் பெருங்காயம் உப்பு 60. ஆக சரக்கு 1,020. கவருக்கும் லேபிளுக்கும் பாக்கெட்டுக்கு 6 ரூபாய் வீதம் 144. உதவிக்கு வர்ற பொண்ணுக்கு 4 மணி நேரத்துக்கு 320. இதெல்லாம் கழிச்சா கையில 196 ரூபாய் நிக்குது. "லாபம் கொஞ்சம்தான், ஆனா நஷ்டம் இல்ல"ன்னு சொன்னாங்க.

நஷ்டம் இல்லையா? கேஸை அவங்க எழுதவே இல்ல. "அது வீட்டு அடுப்புதானே"ன்னு விட்டுட்டாங்க. ஆனா வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்த அனுமதி இல்ல. வணிக சிலிண்டர்தான் வாங்கணும். அதுல 19 கிலோ கேஸ் இருக்கும், விலை அடிக்கடி மாறும். புது சிலிண்டர் மாட்டுற அன்னைக்கு அது மேலேயே தேதியை எழுதி வைங்க. அது தீர்ற வரைக்கும் எத்தனை முறை முறுக்கு போட்டீங்கன்னு கோடு போடுங்க. 1,900 ரூபாய் சிலிண்டர் 19 முறைக்கு வந்தா, ஒரு முறைக்கு 100 ரூபாய். ஊகமே வேண்டாம்.

அடுத்தது சில்லறைச் செலவு. ஆட்டோ, போன், கரண்ட், முறுக்கு அச்சு, அடுப்பு தேய்மானம், உணவுப் பாதுகாப்புப் பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மாசத்துக்கு 1,000 ரூபாய்னு வைங்க. பத்து முறைக்குப் பிரிச்சா முறைக்கு 100. அந்த 196-ல கேஸ் 100, சில்லறை 100 கழிங்க. மைனஸ் 4 ரூபாய். அதாவது, 8 மணி நேரம் அடுப்படியில நின்னுட்டு, கைக்காசு 4 ரூபாயும் போட்டு முறுக்கைக் கொடுத்திருக்காங்க.

இங்கதான் முக்கியமான விஷயம் வருது. உங்க உழைப்புக்கான பணம் லாபம் இல்ல, அது செலவு. ஒரு வாரம் உங்களுக்கு உடம்பு முடியலைன்னா, அந்த வேலையைச் செய்ய ஆள் வெச்சா எவ்வளவு கொடுப்பீங்க? அதுதான் உங்க கூலி. உதவிக்கு வர்ற பொண்ணுக்கு மணிக்கு 80 ரூபாய் கொடுக்குறீங்கன்னா, உங்களுக்கு அதைவிடக் குறைவா எழுத என்ன நியாயம் இருக்கு?

நேரத்தையும் சரியா எழுதணும். வாணலி முன்னாடி நிக்கிற நேரம் மட்டும் வேலை இல்ல. அரிசி கழுவி உலர்த்தி, மில்லுக்கும் கடைக்கும் போய் வர 2 மணி நேரம், மாவு பிசைஞ்சு பொரிக்க 4, எடை போட்டு கவர் ஒட்ட ஒன்றரை, டெலிவரிக்கும் கணக்குக்கும் அரை மணி. மொத்தம் 8 மணி நேரம். 80 ரூபாய் வீதம் 640.

இப்ப எல்லாத்தையும் கூட்டலாம்.

சரக்கு 1,020
கேஸ் 100
உதவியாள் கூலி 320
உங்க கூலி 640
கவர், லேபிள் 144
சில்லறைச் செலவு 100
மொத்தம் 2,324 ரூபாய்

இதை 24-ஆல வகுத்தா பாக்கெட்டுக்கு சுமார் 97 ரூபாய். வகுக்கும்போது, தேறுன பாக்கெட்டால வகுக்கணும். பிசைஞ்ச மாவு எடையால வகுத்தா, உடைஞ்ச முறுக்குக்கான செலவு கணக்குல வராமலே போயிடும். எண்ணெயும் அப்படித்தான். வாணலியில மிஞ்சின எண்ணெயை அடுத்த முறைக்குத் திரும்பத் திரும்பச் சூடாக்கக் கூடாது. அதனால ஊத்தின 2 லிட்டரும் செலவுதான்.

இந்த 97 மேல 15 சதவீதம் சேர்த்தா 112 ரூபாய். அந்த 15 ரூபாய்தான் உண்மையான லாபம். விக்காத பாக்கெட், அடுத்த கிரைண்டர், தொழில் வளர்ச்சி எல்லாம் அதுலதான் நடக்கணும். நேரா வீட்டுல வந்து வாங்குறவங்களுக்கு இந்த விலை போதும்.

கடையில வெச்சா கதை வேற. கடைக்காரர் 20 சதவீதம் கேட்டா, 112 மேல 20 சதவீதம் கூட்டி 134-ன்னு போட்டுடாதீங்க. அவர் எடுக்கிறது விற்பனை விலையில 20 சதவீதம். 134-ல 27 ரூபாய் போயிடும், உங்களுக்கு 107 தான் வரும். 112-ஐ 0.8-ஆல வகுங்க. 140 வரும். அதுல 28 அவருக்கு, 112 உங்களுக்கு. பாக்கெட்ல அச்சிடுற எம்ஆர்பி இந்த 140 தான். கூடவே உங்க 14 இலக்கப் பதிவு எண்ணும் இருக்கணும். பதிவு இன்னும் எடுக்காதவங்க foscos.fssai.gov.in தளத்துல போன்லயே விண்ணப்பிக்கலாம்.

"140-க்கு யாரு வாங்குவா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. இந்தக் கணக்கு சொல்றது நீங்க இறங்கக் கூடாத விலையை. வாங்குறவங்க எவ்வளவு வரைக்கும் கொடுப்பாங்கன்னு சந்தைதான் சொல்லும். ரெண்டும் ஒத்து வரலைன்னா, உங்க கூலியை வெட்டாதீங்க, செலவைப் பாருங்க. எண்ணெய் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினா ஊரே பேசுது. ஆனா இந்தக் கணக்குல அதனால பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய்கூட ஏறாது. ஒரு மணி நேரம் வேலை கூடினா 3 ரூபாய்க்கு மேல ஏறும். அப்ப எதைக் குறைக்கணும்? அந்த அக்கா வாரம் ரெண்டு மூணு தடவை மில்லுக்குப் போறதை விட்டுட்டு, ஒரே தடவை அரைச்சு வெச்சாங்க. கவருக்கு லேபிளை முந்தின நாள் ராத்திரியே ஒட்டி வெச்சாங்க. ஒரு முறைக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சம். பாக்கெட்டுக்கு 5 ரூபாய் குறைஞ்சுது. கடைக்குக் கொடுக்கிறதைக் குறைச்சு, தெருவுல நேரா வாங்குறவங்களைக் கூட்டினாங்க. இப்ப 110-க்கு விக்கிறாங்க.

பழைய வாடிக்கையாளர்கள் சிலர் போயிட்டாங்க, அதையும் சொல்லணும். ஆனா முன்னாடி பத்து முறை போட்டு கையில ஒண்ணும் நிக்கல. இப்ப ஏழு முறைதான் போடுறாங்க, ஒவ்வொரு முறையும் கூலி வருது.

தீபாவளி வரும்போது ஒருத்தர் "50 பாக்கெட் எடுக்கிறேன், 90-க்குக் கொடு"ன்னு கேப்பார். அப்ப உங்க 97-ஐ நினைச்சுக்கோங்க. பாக்கெட்டுக்கு 7 ரூபாய், மொத்தம் 350 ரூபாய் உங்க கூலியிலிருந்துதான் போகும். 100-ன்னா யோசிக்கலாம்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும், அடுத்த முறை அடுப்புப் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி, போன்ல மணியைக் குறிச்சு வைங்க. வேலை முடிஞ்சதும் திரும்பக் குறிங்க. மத்த கணக்கெல்லாம் அதுக்குப் பிறகு தானா வரும்.