பதிவேட்டுப் படங்களும் சிவந்துபோன டி டிரைவும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கணினியில் இடம் நிறைந்துவிட்டால் எந்தப் படத்தைச் சுருக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் செய்த ஒரு தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கரையான் அரிக்கத் தொடங்கியதும், 210 பக்கங்களையும் ஸ்கேன் செய்து வைத்தோம். சில மாதங்களில் டி டிரைவின் பட்டை சிவப்பானது. நான் அந்தப் படங்களை எல்லாம் .jpg ஆக மாற்றி, தரத்தை மிகவும் குறைத்துச் சேமித்தேன். மூலப் படங்களை அழித்தும்விட்டேன். அடுத்த ஆண்டு முன்னாள் மாணவர் ஒருவர் பிறந்த தேதிச் சான்று கேட்டு வந்தார். படத்தைப் பெரிதாக்கினால், தேதியில் இருப்பது 3 ஆ, 8 ஆ என்றே தெரியவில்லை. ஏட்டில் அந்த இடத்தைக் கரையான் தின்றிருந்தது. மாற்றுச் சான்றிதழின் அடிக்கட்டை கிடைத்ததால் அவர் தப்பித்தார். வேறு இரண்டு பதிவுகள் இன்றும் படிக்க முடியாமலே இருக்கின்றன.

முதலில் பெரிய படங்களைத் தேடுவோம். விண்டோஸில் This PC பக்கத்தைத் திறந்து, மேலே உள்ள தேடல் பெட்டியில் இப்படித் தட்டுங்கள்:

```
kind:picture size:>10MB
```

செருகியிருக்கும் பென்டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க் உட்பட எல்லா டிரைவிலும் தேடும். சற்று நேரமாகும், பொறுத்திருங்கள். Details பார்வைக்கு மாற்றி Size தலைப்பைச் சொடுக்கினால் பெரியவை மேலே வரும். நான் தேடியபோது முதல் நூறு வரியிலும் விளையாட்டு விழாப் படம் ஒன்றுகூட இல்லை. முழுவதும் வேறொரு ஏட்டின்.bmp பக்கங்கள். ஏ4 பக்கத்தை 300 டிபிஐ வண்ணத்தில் .bmp ஆகச் சேமித்தால் ஒரு பக்கமே சுமார் 25 எம்பி. 210 பக்கம் என்றால் ஐந்து ஜிபிக்கு மேல். அந்த வடிவம் எதையும் சுருக்காமல் ஒவ்வொரு புள்ளியையும் அப்படியே எழுதி வைப்பதுதான் காரணம்.

இதற்கு ஏற்ற வழி .png. அதிலும் சுருக்கம் நடக்கிறது, ஆனால் ஒரு புள்ளிகூட மாறுவதில்லை. எங்களுக்கு ஏறக்குறைய பாதி இடம் மிச்சமானது. .jpg அப்படியல்ல. கண்ணுக்குத் தெரியாது என்று அது கருதும் நுணுக்கங்களைக் கழித்துவிடும். முகங்களுக்கும் மரங்களுக்கும் அது பரவாயில்லை; மங்கிய மையில் எழுதிய எண்ணுக்கு ஆகாது. கழித்ததைத் திரும்பப் பெறவும் முடியாது.

விழாப் படங்களின் கதை வேறு. அவை ஏற்கெனவே .jpg தான், ஜிப் செய்தாலும் அளவு பெரிதாகக் குறையாது. கைப்பேசியில் எடுத்த 4000 புள்ளி அகலப் படத்தை 1600 ஆகக் குறைத்தால் சில நூறு கேபிக்கு வந்துவிடும், திரையில் பார்க்க அது போதும். ஆனால் பெரிதாக அச்சிடும் வாய்ப்புள்ள சில படங்களின் மூலத்தை மட்டும் விட்டு வையுங்கள். குறைத்ததை வேறு கோப்புறையில் சேமியுங்கள். மூலத்தின் மேலேயே சேமித்துவிட்டால் அது போயிற்று.

இனி, அழிக்கும் முன் செய்ய வேண்டியது. பதிவேட்டின் மூலக் கோப்புகளை முதலில் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். நகல் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, பவர்ஷெல்லில் இப்படிக் கேட்கலாம்:

```
Get-FileHash D:\reg\p001.bmp, E:\reg\p001.bmp
```

இரண்டு வரியிலும் ஒரே நீண்ட குறியீடு வந்தால் இரண்டு கோப்பும் ஒன்றே. p001.bmp என்பதற்குப் பதில் *.bmp என்று தட்டினால் எல்லாப் பக்கங்களுக்கும் வரும். பெயர் ஒன்றாக இருப்பதை நம்பாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு வேறு பக்கங்கள் எங்களிடமே இருந்தன. பிறகு .png ஆக மாற்றுங்கள். இர்ஃபான்வியூ மென்பொருளில் B விசையை அழுத்தினால் மொத்தமாக மாற்றும் பெட்டி திறக்கும். மாற்றியவற்றில் மிக மங்கலான நான்கைந்து பக்கங்களை முழு அளவில் திறந்து, தேதிகளைப் படித்துப் பாருங்கள். அதன் பிறகே டி டிரைவில் உள்ள .bmp கோப்புகளை அழிக்கலாம். பென்டிரைவில் அழித்தால் பொதுவாக அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இப்போது எங்களிடம் ஒரு டிஸ்க் தலைமையாசிரியர் பீரோவில் இருக்கிறது, இன்னொன்று பள்ளிக்கு வெளியே. இரண்டின் மேலும் என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் நகலெடுத்தது என்று காகிதம் ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொரு ஜூனிலும் இரண்டையும் செருகி, சில பக்கங்களைத் திறந்து பார்க்கிறோம்.