ஓட்டோ வாங்குவதற்கு முன்பு லைசன்ஸ் எடுங்கள்
(மீளத் திரும்பிய குடும்பங்களுக்கான வாழ்வாதாரக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



யாழ்ப்பாண நகரத்தில் வாடகைக்கு ஓட்டோ ஓடலாம் என்று உங்களில் பலர் யோசித்திருப்பீர்கள். நல்ல யோசனைதான். ஆனால், கையில் கொஞ்சக் காசு வந்தவுடன் முதல் வேலையாக லீசிங்கில் ஓட்டோவை எடுத்துவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து வந்தவர்கள் அங்கே ஓட்டோக்காரர்கள் சட்டையில் குத்தும் 'பேட்ஜ்' பற்றிச் சொல்வார்கள். இங்கே அந்த முறையைத் தேட வேண்டாம். இங்கே ஆளுக்கு ஒரு பத்திரம், வண்டிக்குச் சில பத்திரங்கள், நிற்கும் இடத்துக்கு ஒரு அனுமதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒழுங்கிலேயே செய்யுங்கள்.

முதலில் ஆள். சாரதி அனுமதிப்பத்திரத்தில் முச்சக்கரவண்டிக்குரிய வகுப்பு B1. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். தேசிய அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் இல்லாமல் இந்த வேலை தொடங்காது. இடப்பெயர்வில் தொலைத்தவர்கள், பிறப்பைப் பதிந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் சான்றிதழின் பிரதியைக் கேளுங்கள். அடையாள அட்டை தொலைந்திருந்தால் பொலிஸில் முறைப்பாடு போட்டு, அதன் பிரதியோடு கிராம அலுவலரிடம் போங்கள். இந்தியாவில் பிறந்த பிள்ளைகளுக்கு முதலில் இலங்கைப் பிரசாவுரிமைப் பதிவு வேண்டும்; அதன் பிறகுதான் அடையாள அட்டை.

அடுத்து, தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் மருத்துவச் சான்றிதழ் எடுக்க வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கொண்டு போங்கள். அந்தச் சான்றிதழோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் பதிந்தால் எழுத்துப் பரீட்சைக்குத் திகதி தருவார்கள். அதைத் தமிழிலேயே எழுதலாம். சித்தியடைந்து மூன்று மாதம் பழகிய பிறகுதான் ஓடிக் காட்டும் பரீட்சை, நாங்கள் 'ட்ரயல்' என்று சொல்வது. பயிலுனர் பத்திரத்தோடு கூலிக்கு ஆள் ஏற்ற முடியாது.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். ஒருவர் ஜனவரி தொடக்கத்தில் பதிந்து, மாத முடிவில் எழுத்துப் பரீட்சையில் சித்தியடைகிறார் என்று வைப்போம். ட்ரயலுக்கு ஆகக் குறைந்தது ஏப்ரல் முடிவாகும். அவர் ஜனவரியிலேயே லீசிங்கில் ஓட்டோ எடுத்து, மாதத் தவணை 20,000 ரூபா என்றால், ஒரு சதமும் உழைக்காமல் நாலு தவணை, 80,000 ரூபா கட்ட வேண்டிவரும். கட்டாவிட்டால் வண்டியைத் தூக்கிப் போய்விடுவார்கள், முற்பணமும் போய்விடும். ட்ரயல் பாஸ் பண்ணிய பிறகு எடுத்தால் முதல் தவணையை ஓட்டோவே உழைத்துத் தரும்.

இரண்டாவது வண்டி. பழைய ஓட்டோ வாங்குகிறவர்கள் பதிவுப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். அதில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் அந்தக் கடன் இன்னும் முடியவில்லை. விற்கிறவர் தவணை கட்டாமல் விட்டால் உங்களிடமிருந்துதான் வண்டியைப் பறிப்பார்கள். கடன் முடிந்த கடிதத்தைக் கேளுங்கள். கையெழுத்து மட்டும் வைத்த வெற்றுப் படிவத்தோடு வாங்காமல், உங்கள் பெயருக்கு உடனே மாற்றுங்கள்.

காப்புறுதி எடுக்கும்போது "வாடகைக்கு ஓடப் போகிறேன்" என்று வாய்திறந்து சொல்லுங்கள். சொந்தப் பாவனைக்கு எடுத்தால் காசு குறையும் என்று சிலர் சொல்லித் தருவார்கள். ஆள் ஏற்றிப் போகும்போது வண்டி அடிபட்டால், பத்திரத்தில் எழுதிய பாவனை வேறு என்று சொல்லிக் கம்பனி நட்டஈட்டை மறுக்கலாம். கையில் கிடைத்த பத்திரத்தில் 'வாடகை' என்று பதிந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இருந்தால்தான் ஆண்டுதோறும் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கலாம்.

மூன்றாவது இடம். வாங்குவதற்கு முன்பே நீங்கள் நிற்க நினைக்கும் தரிப்பிடத்துக்குப் போய், அங்குள்ள சங்கத்தோடு கதையுங்கள். புதியவரைச் சேர்ப்பார்களா, சந்தா எவ்வளவு என்று கேளுங்கள். அந்த இடத்தில் ஓட்டோ நிறுத்த மாநகர சபை அனுமதித்திருக்கிறதா என்று சபையிலும் கேளுங்கள். வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையில் பதிவைப் பற்றியும் மீற்றரைப் பற்றியும் விசாரியுங்கள். கொழும்புப் பக்கம் ஓடப் போகிறவர்களுக்கு, மேல் மாகாணத்தில் வாடகை ஓட்டோவுக்கு மீற்றர் கட்டாயம். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

ஓட்டோ இல்லாமல் கார், வான் ஓடி வாடகைக்குப் போக நினைப்பவர்களுக்கு B1 போதாது. B வகுப்பு வேண்டும். எதை ஓடப் போகிறீர்கள் என்பதைப் பதியும் நாளிலேயே தீர்மானித்துக்கொண்டு போங்கள்.

கூட்டம் முடிந்ததும் அடையாள அட்டையோ பிறப்புச் சான்றிதழோ இல்லாதவர்கள் முன்மேசைக்கு வாருங்கள். அந்தப் படிவங்களை இன்றைக்கே நிரப்பத் தொடங்கலாம்.