படிவத்தில் வினா, நாள் குறித்து விடை

வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள் குறித்து மாணவரோடு ஒரு மணி நேரம் நேரடியாக வினா விடை நிகழ்த்தும்போது நாங்கள் கையாளும் முறையை இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

அரங்கில் எழுந்து வினவுவோர் சிலரே. ஆகவே வினாக்களைக் கூகுள் படிவத்தின்வழிப் பெறுகிறோம். அதில் மூன்றே கட்டங்கள் உள்ளன: வினா, ஐயம் எழுந்த வாக்கியம், பயிலும் வகுப்பு. பெயரைக் கேட்பதில்லை, பிழையை ஒப்புக்கொள்ள நாணுவோரும் அதனால் எழுதுகின்றனர். வாக்கியத்தை மட்டும் கட்டாயமாக்கியுள்ளோம். ‘ஒற்று எங்கு வரும்?’ என்று மட்டும் ஒருவர் கேட்டால், அவர் எங்கே இடறினார் என்பது நமக்குப் புலப்படாது.

மணி முடிந்ததும் படிவத்தை மூடிவிடுகிறோம். வந்த வினாக்களைப் படியெடுத்து, ஒரே வேரிலிருந்து கிளைத்தவற்றை ஒன்றாகத் தொகுக்கிறோம். சான்றாக, ‘அந்தப் பள்ளி’ எனத் தாம் எழுதியதை ஒருவர் வினவினார். ‘பெரிய பள்ளி’ என்பதில் ஏன் ஒற்று இல்லை என மற்றொருவர் கேட்டார். இரண்டிற்கும் ஒரே விடை எழுதினோம். ‘அந்த’ என்னும் சுட்டின்பின் வல்லினம் மிகும். ‘பெரிய’ என்பது பெயரெச்சம் ஆதலால் அதன்பின் மிகாது.

அரங்கில் விடை பெறாத வினாக்களுக்கு டெலிகிராம் அலைவரிசையில் நாளுக்கு ஒரு விடை வெளியாகும். அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் Schedule Message என்னும் தெரிவு தோன்றும். அதில் நாளையும் நேரத்தையும் குறித்துவிடலாம்.

இம்முறையின் இடர் இங்கேதான் உள்ளது. பெயரெச்சம் பற்றிய விடை வெளியான அன்றே ஆசிரியர் ஒருவர், “ஓடாக் குதிரை என்பதில் மிகுகிறதே?” என வினவினார். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின்பின் வல்லினம் மிகும் என்னும் விலக்கை நாங்கள் விட்டுவிட்டோம். மறுநாளுக்குக் குறித்திருந்த பயிற்சியும் அக்குறையான விதியையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. அதை வெளியாகுமுன் நீக்கினோம். முன்னைய விடையைத் திருத்தியதோடு நில்லாமல், திருத்தத்தைத் தனிப் பதிவாகவும் வெளியிட்டோம். முன்பே படித்தவர் பழைய பதிவுக்குத் திரும்பிச் செல்லமாட்டார் அன்றோ?

அன்றுமுதல் இரண்டு நெறிகளைக் கடைப்பிடிக்கிறோம். எழுதியவர் அல்லாத ஒருவர் படித்து, விலக்குகள் விடுபட்டுள்ளனவா என்று பார்த்த பின்னரே விடைக்கு நாள் குறிக்கிறோம். ஒன்றையொன்று சார்ந்த விடைகளாயின், முதல் விடைக்கு வரும் மறுமொழிகளைக் கண்ட பின்னரே அடுத்ததற்கு நாள் குறிக்கிறோம். நாள் குறித்த விடை தானாக வெளியாகும். அதன் பிழை தானாக நீங்காது.