கண்காட்சியில் கடை போட்டால் மட்டும் போதுமா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேல்சித்தாமூரில் நிலக்கடலை உடைக்கும் மிஷின் செய்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கோவையில் கொடிசியா நடத்தும் 'அக்ரி இன்டெக்ஸ்' கண்காட்சியில் இரண்டு முறை கடை போட்டேன். முதல் முறை தோற்றேன். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"நம்ம மிஷின் நாலு பேர் கண்ணில் படட்டும்" என்பதுதான் அப்போது என் குறிக்கோள். மும்முனை மின்சாரம் வேண்டுமென்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவில்லை. மிஷின் பொம்மை மாதிரி நின்றது. முந்நூறு விசிட்டிங் கார்டு சேர்ந்தது. ஊர் திரும்பிப் பட்டறை வேலையில் மூழ்கிவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் போன் செய்தால், "நீங்க யாருங்க?" என்றார்கள். ஓர் ஆர்டர்கூட வரவில்லை.

அடுத்த முறை முதலில் கணக்குப் போட்டேன். நாளுக்கு 8 மணி நேரம், கடையில் இரண்டு பேர். ஒருவரிடம் உருப்படியாகப் பேசக் கால் மணி ஆகும். கூட்டமில்லாத நேரம் போக, ஆளுக்கு மணிக்கு 2 பேர் என்றால் நாளுக்கு 32. ஆகவே 30 சீட்டு, நாலு நாளில் 120. வாடகை, லாரி, தங்குமிடம் எல்லாம் சேர்த்துச் செலவு 1,80,000 ரூபாய். அதாவது ஒரு சீட்டின் விலை 1,500 ரூபாய்! அதைத் தொலைக்க மனசு வருமா?

இந்த முறை மிஷின் ஓடியது. ஊரிலிருந்தே கடலை மூட்டை கொண்டு போனோம். காய் ரொம்பக் காய்ந்திருந்தால் பருப்பு உடையும். லேசாகத் தண்ணீர் தெளித்துத்தான் போட்டோம். முழுப் பருப்பு ஒரு தட்டில், உடைந்தது ஒரு தட்டில். பார்ப்பவரே கணக்குப் பார்த்துக்கொண்டார்.

சீட்டில் நாலே கேள்வி. வருஷத்துக்கு எத்தனை மூட்டை உடைக்கிறீர்கள்? கரன்ட் ஒருமுனையா, மும்முனையா? எந்த அறுவடைக்குள் வேண்டும்? சொந்தப் பணமா, மானியமா? ராத்திரி அறைக்கு வந்ததும், பேச்சு மறப்பதற்குள், சீட்டுகளைப் பிரித்தோம். இந்த அறுவடைக்கே வேண்டுவோர் 'அ', மானியத்துக்குக் காத்திருப்போர் 'ஆ', மற்றவை 'இ'.

112 சீட்டில் 'அ' 19 தான். பட்டறையிலிருந்த தம்பி மறுநாளே அவர்களுக்கு விலைப்பட்டியல் அனுப்பினான். நான் ஊர் திரும்பிய இரண்டு நாளுக்குள் எல்லோரிடமும் பேசிவிட்டேன். "உங்க ஊர்ல மும்முனை கரன்ட் ராத்திரிதான் வரும்னு சொன்னீங்களே?" என்று ஆரம்பித்தால் யாரும் "நீங்க யாரு" என்று கேட்பதில்லை. 5 மிஷின் போயிற்று.

'ஆ' சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். மாதம் ஒரு முறை, "மானிய உத்தரவு வந்துச்சா?" என்று மட்டும் கேட்டேன். எட்டு மாதம் கழித்து இன்னும் 2 போயிற்று. 'இ' சீட்டுகளில் ஒன்றும் தேறவில்லை, அதையும் சொல்லவேண்டும்.

தொழில் தொடங்கப்போகும் தம்பி தங்கைகள் பட்டறைக்கு வந்தால் அந்தச் சீட்டையே காட்டுகிறேன்.